ஆறாவது விரல் எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது?

டர்பனில் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்க்கிற யாருக்கும் ஆறாவது விரல் ஒரு அதிசயமே இல்லை. ஆப்பிரிக்கக் குடும்பங்களில் சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் குட்டியாக ஒன்று ஒட்டிக்கொண்டு பிறப்பது அவ்வளவு சகஜம், கிட்டத்தட்ட நூறு குழந்தைக்கு ஒன்று என்று சொல்லலாம். நம் தமிழ்க் குடும்பங்களில் குறைவு, அதனாலேயே கலவரம் அதிகம். பிரசவமாகி மறுநாளே விசாரணை ஆரம்பித்துவிடும்: கிரகணத்தன்று வெளியே போனாளா, கத்தி எடுத்தாளா, என்ன சாப்பிட்டாள். இன்னொரு கட்சி "ஆறு விரல் அதிர்ஷ்டம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லும். இரண்டு கட்சியும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்த விரல் எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது?

அதற்குப் போகும் முன் நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பழி அதிலேயே அடிபட்டுப் போகும். கரு உண்டாகி 26ஆம் நாள் வாக்கில், கருவே மொத்தம் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும்போது, உடம்பின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மேடு கிளம்பும். அதுதான் கைமொட்டு. ஓரிரு நாள் கழித்துக் கால்மொட்டு. ஆறாவது வாரத்தில் கை தோசைக்கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும், உள்ளே ஐந்து விரலுக்கான குருத்தெலும்புகள் கதிர் கதிராகத் திரள ஆரம்பித்திருக்கும். எட்டாவது வாரம் முடியும்போது விரல்கள் பிரிந்து, எண்ணிக்கை முடிவாகிவிடும். கிளினிக்கில் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள், அதாவது பத்து வாரம். ஏழாம் மாதத்துக் கிரகணத்தில் வெங்காயம் நறுக்கினால் விரல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. (2030 நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்காவில் முழுச் சூரியகிரகணம் வருகிறது, அந்த வருஷம் எத்தனை மருமகள்கள் இந்த விசாரணைக்கு ஆளாகப் போகிறார்களோ.)

உண்மையிலேயே விரலைக் கெடுக்கக்கூடியவையும் அந்த ஆரம்ப நாட்களில்தான் கெடுக்கும். 1957 முதல் 1961 வரை விற்ற தாலிடோமைடு மாத்திரையைக் கரு உண்டாகி 20 முதல் 36 நாளுக்குள் எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குத்தான் கை கால் குறைந்தது. இப்போது நம் ஊரில் அதைவிடக் கவலைப்பட வேண்டியது சர்க்கரை வியாதி. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து, அது கட்டுக்குள் இல்லாத தாய்மாரின் குழந்தைகளிடம் காலில் பெருவிரல் பக்கம், வழக்கமான இடத்துக்குச் சற்று மேலே தள்ளி ஒரு கூடுதல் விரலை நாங்கள் பார்ப்பதுண்டு. சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்த பிறகு சர்க்கரையைக் குறைக்க ஓடுவதும் நல்லதுதான், ஆனால் மொட்டு அதற்குள் கிளம்பியிருக்கும்.

சரி, ஐந்து விரல் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? மொட்டின் விளிம்பில் தோல் தடித்து ஒரு வரம்பு ஓடுகிறது. அது சுரக்கும் புரதங்கள் இருக்கும் வரை கீழே உள்ள செல்கள் பெருகி மொட்டு நீளும். 1948இல் ஜான் சாண்டர்ஸ் என்பவர் கோழிக்கருவில் அந்த வரம்பை வெட்டி எடுத்துப் பார்த்தார். சீக்கிரமே எடுத்தால் இறக்கை மேற்பகுதியோடு நின்றுபோனது, தாமதமாக எடுத்தால் நுனி மட்டும் இல்லாமல் போனது. அப்புறம் 1968இல் அவரும் மேரி காஸலிங்கும் மொட்டின் பின்பக்கத்திலிருந்து, நம் கையில் என்றால் சுண்டுவிரல் பக்கம், ஒரு துண்டுத் திசுவை எடுத்து எதிர்ப்பக்கத்தில், அதாவது கட்டைவிரல் பக்கத்தில் ஒட்டினார்கள். கண்ணாடியில் பார்த்த மாதிரி இரட்டை வரிசை விரல் முளைத்தது. அந்தத் திசு சுரப்பது சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் என்று 1993இல் தெரிந்தது. அது சுண்டுவிரல் பக்கம் மட்டும் சுரந்து, கட்டைவிரல் பக்கம் போகப் போகக் குறைய வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வுதான் எது கட்டைவிரல், எது சுண்டுவிரல் என்று தீர்மானிக்கிறது, எத்தனை விரல் என்பதிலும் அதற்குப் பங்குண்டு.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஆண் குழந்தை, பிறந்து இரண்டு நாள். இரண்டு கையிலும் சுண்டுவிரலுக்கு வெளியே கூடுதலாக ஒன்று. இடது கையில் இருந்தது பட்டாணி அளவு, நூலிழை மாதிரி ஒரு காம்பில் தொங்கியது, நுனியில் பொட்டு நகம்கூட இருந்தது. வலது கையில் இருந்ததோ அகலமான அடியோடு உட்கார்ந்திருந்தது, விரலால் நெருடினால் உள்ளே எலும்பு தட்டுப்பட்டது. கூட வந்த ஆயா, குழந்தையின் அப்பாவைப் பெற்றவர், தயாராகவே இருந்தார். "டாக்டர், என் மவனுக்கும் இப்படித்தான் இருந்திச்சு. நான்தான் கறுப்பு நூலால இறுக்கிக் கட்டினேன், ஒரு வாரத்துல காஞ்சு விழுந்திடிச்சு. இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

மவனைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னேன். சுண்டுவிரல் அடியில், வெளிப்பக்கம், அரிசி மணி அளவு ஒரு மேடு. லேசாகத் தட்டினதும் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டார். வேன் ஓட்டுகிறவர், ஸ்டியரிங்கில் அந்த இடம் உரசினால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும் என்றார், இத்தனை வருஷம் அது ஆணி என்று நினைத்திருக்கிறார். நூல் இறுக்கும்போது காம்பின் சதை செத்து விழும், ஆனால் உள்ளே போகிற நரம்பின் முனை தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும், நாளாவட்டத்தில் அது முடிச்சாகத் தடித்து வலிக்கும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லைதான். ஆனால் மரத்துப்போக ஊசி போட்டு, நரம்பைச் சற்று இழுத்து உள்ளே தள்ளி வெட்டினால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இது. இடது கைக்கு அதைத்தான் செய்தோம். வலது கையில் நூல் என்ற பேச்சுக்கே இடமில்லை: அடி அகலமாக இருந்தால் ரத்த ஓட்டம் முழுசாக நிற்காது, பாதி செத்துப் பாதி அழுகும், சீழ் பிடிக்கும். எலும்புள்ள விரலுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒரு வயசு வாக்கில் ஆபரேஷன்.

அப்பாவின் அந்த அரிசி மணி எனக்கு இன்னொன்றும் சொன்னது. சுண்டுவிரல் பக்கத்துக் கூடுதல் விரல் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வருகிறது, அப்படி வந்து குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால் அநேகமாக விரலோடு கதை முடிந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அப்பாவும் அம்மாவும் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள் என்றால் நான் விரலை விட்டுவிட்டு மற்றதைத் தேடுவேன். இதயத்தில் சத்தம் இருக்கிறதா, மேலுதடு ஈறோடு ஒட்டியிருக்கிறதா, பிறக்கும்போதே பல் இருக்கிறதா, கை கால் குட்டையா, சிறுநீரக ஸ்கேன் எப்படி. பிற்பாடு எடை ஏறிக்கொண்டே போகிறதா, இருட்டில் தடுமாறுகிறதா என்றும் பார்க்கச் சொல்வேன். அரிதாக, இதயத்தையோ கண்ணையோ சிறுநீரகத்தையோ தாக்கும் ஒரு நோயின் முதல் அடையாளம் அந்த விரல்தான்.

கட்டைவிரல் பக்கம் இரட்டையாக இருந்தால் கதை வேறு. அநேகமாக ஒரு கையில் மட்டும் இருக்கும், பரம்பரையும் இருக்காது. (சில குடும்பங்களில் மூன்று கணுவுள்ள கட்டைவிரலோடு தலைமுறை தலைமுறையாக வரும். சானிக் ஹெட்ஜ்ஹாக்கின் சுவிட்ச் அந்த மரபணுவிலிருந்து பத்து லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது, அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கமும் புரதம் சுரந்துவிடும். சாண்டர்ஸ் கோழியில் செய்ததுதான்.) இங்கே "சின்னதை வெட்டிவிடுங்கள்" என்று அவசரப்படாதீர்கள். இரண்டுமே முழுக் கட்டைவிரல் இல்லை, ஒன்றை ரெண்டாகப் பிரித்தது. தசைநாரும் இணைப்புநாரும் இரண்டுக்கும் பங்கு போட்டிருக்கும். எடுக்கிற விரலிலிருந்து அவற்றை மீட்டு, வைத்துக்கொள்கிற விரலில் தைக்க வேண்டும், இல்லையென்றால் மிஞ்சின கட்டைவிரல் வளர வளரக் கோணிப்போகும்.

ஒட்டின விரல்களின் காரணம் பிந்தைய கட்டம். கரண்டி போன்ற கையில் விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் தாமாகச் சாக வேண்டும், அது நடக்காவிட்டால் சவ்வு நின்றுவிடும். வாத்தின் கால் அப்படித்தான் ஆகிறது. காலில் இரண்டாவது, மூன்றாவது விரல் ஒட்டியிருந்தால் நடைக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நீளமான விரல் குட்டை விரலோடு கட்டுண்டு வளைந்துவிடும். நேர்கோட்டில் வெட்டினால் தழும்பு சுருங்கி இழுக்கும் என்பதால் வளைத்து வளைத்து வெட்டுவார்கள், தொடையிடுக்கிலிருந்து தோலும் எடுப்பார்கள். "பிரிக்கத்தானே போகிறீர்கள், தோல் எதற்கு?" என்று எல்லாருமே கேட்பார்கள். ஒட்டிய இரண்டு விரலைச் சுற்றி இருக்கும் தோல், பிரித்த இரண்டையும் தனித்தனியாகச் சுற்றப் போதாது.

நான் மேலே சொன்ன எட்டு வாரக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில குழந்தைகளுக்கு விரல் நுனிகள் மட்டும் ஒட்டியிருக்கும், அடியில் விரலிடுக்கில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்கும். அந்தத் துளை இருந்தால் விரல்கள் முதலில் ஒழுங்காகப் பிரிந்திருந்தன என்று அர்த்தம். பிறகு பனிக்குடச் சவ்வு கிழிந்து அதன் இழை விரலைச் சுற்றி இறுக்கியிருக்கிறது, சிலதைத் துண்டித்தும் இருக்கிறது. மிச்ச விரலிலோ காலிலோ மோதிரம் போட்ட மாதிரிப் பள்ளம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தாய் செய்த எதனாலும் இது வருவதில்லை, அடுத்த குழந்தைக்கும் அநேகமாக வராது.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது கூடுதல் விரல் அல்ல, இல்லாத அல்லது சூம்பின கட்டைவிரல். அதோடு முன்கை எலும்பும் குட்டையாக இருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் முதுகெலும்பையும் பார்த்தே ஆக வேண்டும். ஃபான்கோனி ரத்தசோகையின் முதல் அடையாளமும் இதுவாக இருக்கலாம், தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகானர் மக்களிடமும் கறுப்பின மக்களிடமும் அதற்குத் தனித்தனி மரபணு மாற்றங்கள் வழிவழியாக வருகின்றன, சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம்மவர்களும் விலக்கில்லை. ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், பிறந்த புதிதில் சரியாகத்தான் இருக்கும், மஜ்ஜை வற்ற ஆரம்பிப்பது பெரும்பாலும் பள்ளிக்கூட வயசில். கேட்க வேண்டியது குரோமோசோம் முறிவுச் சோதனை. அது பாசிட்டிவ் என்றால் அண்ணன், அக்காவுக்கும் அதே சோதனை செய்ய வேண்டும், அவர்களுக்கு விரல் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும். பின்னால் மஜ்ஜை கொடுக்கப் போகிறவர்கள் அவர்களாக இருக்கலாம்.