இரவு எட்டு மணி ஓட்டமும் பதினொரு மணி நித்திரையும்

"நல்லா ஓடிக் களைச்சால் தானே நித்திரை கொள்ளுவான்" என்பது வீட்டுத் தரிசிப்புக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. பாதி சரி. பகலில் ஓடினால் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு ஓடினால் கதை மாறிவிடும்.

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு. மகனுக்கு இரண்டேகால் வயது. அம்மா வேலைக்குப் போகும்போது, ஆறே முக்காலுக்கு எழும்பிவிடுவான். அப்பம்மா சமைத்து முடிக்கும்வரை உள்ளே டிவி. மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, நித்திரை மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை. ஏழரைக்கு அப்பா கடையிலிருந்து வந்ததும் வீடு கலகலக்கும்: தூக்கி எறிந்து பிடிப்பது, யானை ஏறுவது, கிச்சுகிச்சு, நடுவில் ஃபோனில் பாட்டு. ஒன்பதுக்குச் சாப்பாடு. பதினொரு மணிக்கு அழுதழுது நித்திரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் ஏழே முக்கால் மணித்தியாலம், பகலில் இரண்டு, மொத்தம் ஒன்பதே முக்கால். உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டல்படி ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணித்தியால நித்திரை வேண்டும், பகல் நித்திரையும் சேர்த்து.

"களைப்பே இல்லை, பாருங்கோ எப்படிக் குதிக்கிறான்" என்றார் அப்பம்மா. அந்தக் குதிப்புத்தான் களைப்பின் அடையாளம். களைப்புத் தொடங்கும்போது பிள்ளை கண்ணைக் கசக்கும், காதை இழுக்கும், விளையாட்டுச் சாமானை விட்டுவிட்டு மடியைத் தேடும். அந்த நேரத்தைத் தவறவிட்டுக் குதூகலப்படுத்தினால் உடல் அட்ரினலினைச் சுரந்து விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும். இதயம் படபடக்கும், உடம்பு சூடேறும். நித்திரைக்கு உடல் சூடு இறங்க வேண்டும். இங்கே நடப்பது தலைகீழ். அப்புறம் காரணமில்லாத சிரிப்பு, கடி, சின்ன விஷயத்துக்குப் பெரிய அழுகை. அதோடு டியூப் லைட்டும் ஃபோன் வெளிச்சமும் சேரும்போது, இருட்டில் சுரந்து நித்திரையை வரவைக்கும் மெலடோனின் பிந்தும். சின்னப் பிள்ளையின் கண்ணுக்குள் பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் நுழைவதால் இந்தப் பாதிப்பும் அவர்களுக்குக் கூட.

இதைக் கேட்டு முதல் நாளே இரவு எட்டு மணிக்குப் படுக்கப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு மணித்தியாலம் அழுகை. பின்னேரம் ஐந்தரைக்கு எழும்பிய பிள்ளைக்கு எட்டுக்கு எப்படி நித்திரை வரும்? இரவை விட்டுவிட்டுக் காலையில் தொடங்குங்கள் என்றேன். அப்பா கடைக்குப் போவது எட்டு மணிக்கு. எழும்பிய கையோடு மகனை டச்சுக் குடாக் கரைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். வெறுங்காலோடு மணலில் ஏறி இறங்குவது, சிரட்டையில் மணல் அள்ளுவது, வழியில் நிற்கும் மான்களின் பின்னால் நடப்பது. தூக்கி எறிந்து பிடிக்கும் விளையாட்டும் அங்கே மாறிப்போனது, அப்பாவுக்கும் நட்டமில்லை. காலை வெளிச்சம் உடலின் நேரக்கணக்கை முன்னுக்குத் தள்ளும். மர நிழலில்கூட வீட்டு அறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு, வெயிலில் வாட்டத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே விடவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்தினார்கள். நித்திரையும் கூடவே நகர்ந்து, மூன்று மணிக்குள் முடிந்தது. நாலரைக்கு முற்றத்தில் மறுபடி ஓட்டம். இந்த வயதுக்கு நாளில் 180 நிமிட அசைவு வேண்டும். நடப்பது, ஏறுவது, குதிப்பது எல்லாம் சேர்த்துத்தான், ஒரே மூச்சில் அல்ல. காலையும் பின்னேரமும் டெங்கு நுளம்பு கடிக்கும் நேரம் என்பதால் கை கால் மூடும் மெல்லிய உடுப்புப் போடச் சொன்னேன்.

ஆறேகாலுக்குக் குளிப்பு, ஆறே முக்காலுக்குச் சோறு, ஏழேகாலுக்குப் பெரிய லைட்டை அணைப்பது. அப்பா வந்ததும் படம் காட்டிக் கதை, முதுகைத் தடவுவது. படுக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வந்து, இரண்டு வாரமளவில் எட்டரை ஆனது. விருந்தாளி வந்த நாட்களில் பழையபடி பத்தரை. அப்படியான இரவுக்கு அடுத்த நாளும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுப்புங்கள். பிந்தி எழும்பவிட்டால் அன்றைய பகல் நித்திரையும் பிந்தி, அடுத்த இரவும் குழம்பும்.

மாரி காலத்தில் கடற்கரை இல்லை. மழை விடும் நேரத்தில் முற்றம், இல்லாவிட்டால் விறாந்தையில் பந்து. ஆனால் அதுவும் இருட்டும் முன்னர் முடிய வேண்டும். இவ்வளவும் செய்து சில வாரம் கழித்தும் மாறவில்லை என்றால், அல்லது பிள்ளை வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விட்டால், இரவில் ஆசனவாயைச் சொறிந்தால், கால்களை உதறிக்கொண்டே இருந்தால், அது விளையாட்டு நேரத்தால் தீரும் பிரச்சினை அல்ல. மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டுச் சதை, பூச்சி, இரும்புச்சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம். கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள்.