சார்புநிரல்: பின்தங்கியதா, காலாவதியானதா?

நாம் எழுதும் நிரல் ஓட வேறொருவர் எழுதிய லைப்ரரி தேவைப்பட்டால், அந்த லைப்ரரியை டிபெண்டென்சி என்கிறோம். லத்தீனில் ‘டே’ என்றால் கீழ்நோக்கி, ‘பெண்டேரே’ என்றால் தொங்குதல். ஒன்றைப் பற்றிக்கொண்டு தொங்குவதே இதன் வேர்ப்பொருள். தமிழில் இதற்கு நெருக்கமானது சார்தல். தனித்து இயங்காத எழுத்தைச் சார்பெழுத்து என்று இலக்கணம் அழைப்பதும் இதே பொருளில்தான். ஆனால் கணிதப் பாடநூல்களில் ‘சார்பு’ என்பது ஃபங்ஷனைக் குறிக்கிறது. நிரலாக்கத்தில் இரண்டும் அடிக்கடி வருவதால் குழப்பம் நேரும். அதனால் உறவைச் ‘சார்புநிலை’ என்றும், நாம் சார்ந்திருக்கும் லைப்ரரியைச் ‘சார்புநிரல்’ என்றும் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘அவுட்டேட்டட்’ என்பதைக் ‘காலாவதியான’ என்று பெயர்ப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காலம், அவதி இரண்டும் சேர்ந்த சொல் அது. அவதி என்றால் எல்லை. புதிய பதிப்பு வந்துவிட்டதாலேயே பழையது எல்லையைத் தாண்டிவிடாது. அது பின்தங்கியது, அவ்வளவுதான். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பிறகே அது காலாவதி.

பைத்தானில் வலைத்தளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அதன் 3.2 பதிப்பு 2021 ஏப்ரலில் வந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஏப்ரலில் முடிந்தது. அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 4.2 வந்தது 2023 ஏப்ரலில். இடையில் ஒரு வருடம் இருந்தது. மேம்படுத்தும் வேலையைக் குழுவின் வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட்டாகப் பதிய வேண்டிய காலம் அதுதான். பதியாவிட்டால், பின்தங்கியது காலாவதியான நாள் யார் கண்ணிலும் படாது. அன்றும் தளம் வழக்கம்போல் ஓடும்.

எச்சரிக்கை வராதா என்றால், வரும், ஆனால் தெரியாது. தளத்தின் முகவரிகளை வரையறுக்கப் பயன்பட்ட, `django.conf.urls`-இல் உள்ள `url()` என்ற ஃபங்ஷன் 4.0-இல் நீக்கப்பட்டது. 3.2 அதைப் பற்றி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இவ்வகை எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றைப் பைத்தான் இயல்பாகவே மறைத்துவிடும். வெளியே கொண்டுவர, 3.2-இல் இருக்கும்போதே இப்படி ஓட்ட வேண்டும்:

```
python -Wa manage.py test
```

‘லைப்ரரிகளை அப்டேட் செய்யவும்’ என்று எழுதிய டிக்கெட் ஒருபோதும் மூடப்படாது. எது முடிந்தால் வேலை முடிந்தது என்று அதில் இல்லையே. ‘ஜாங்கோ 3.2-லிருந்து 4.2. கெடு 2024 ஏப்ரல். முதலில் `url()` வரும் இடங்களை `re_path()` ஆக்கி, எச்சரிக்கை இல்லாமல் சோதனைகள் ஓட வேண்டும். பிறகே பதிப்பை மாற்ற வேண்டும்’ என்று இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர்கூட எடுத்துச் செய்யலாம். கெடுவை டிக்கெட்டின் தேதிக் கட்டத்திலேயே போட வேண்டும், விளக்கத்துக்குள் புதைக்கக் கூடாது.

சோதனைகள் தொடாத வரிகளின் எச்சரிக்கை இந்தக் கட்டளையிலும் வராது. அந்தப் பகுதிகளை வெளியீட்டுக் குறிப்பின் நீக்கப்பட்டவை பட்டியலோடு ஒப்பிட்டுத் தேடுவதையும் அதே டிக்கெட்டில் ஒரு வேலையாக எழுதிவைக்க வேண்டும்.