உடம்பு தேறிய பிறகும் திரும்பி வராத கணவன்

பாரிசவாதம் வந்தவர்களின் குடும்பங்களோடு மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக வேலை செய்துவரும் எனக்கு, கை கால் விழுந்து படுக்கையிலேயே கிடப்பவரின் மனைவியைவிட, எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டவரின் மனைவி சில வேளைகளில் கூடுதலாக உடைந்துபோய் வந்து உட்காருவது முதலில் விளங்கவில்லை. படுக்கையில் கிடப்பவரின் வீட்டில் என்ன பறிபோனது என்பது ஊருக்குத் தெரியும். நடமாடுபவரின் வீட்டுக்கு வருபவர்களோ, "கடவுள் காப்பாத்திட்டார்" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையை, அவருடைய சம்மதத்தோடும் அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியும் சொல்கிறேன். அவருக்கு 54 வயது. கணவருக்குப் படுவான்கரையில் வயல். விடியுமுன் எழுந்து மனைவிக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் ஆட்களோடு பகிடி விட்டபடி வயலுக்குப் போகும் மனிதர். வருத்தம் வந்து ஏழு மாதமாகியிருந்தது. இடது கையில் சிறிய தளர்ச்சியைத் தவிர உடம்பில் பெரிய குறையில்லை. பேச்சும் தெளிவாக இருந்தது. ஆனால் காலையில் கதிரையில் உட்கார வைத்தால் மதியம்வரை அப்படியே இருப்பார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் ஒரு சொல்லும் வராது. ஒரு நாள் மனைவி களைத்துப்போய், சோற்றைச் சமையலறையில் மூடி வைத்துவிட்டு, பசித்தால் எடுத்துச் சாப்பிடட்டும் என்று வேண்டுமென்றே பேசாமல் இருந்தார். பின்னேரம் மூன்று மணிவரை அவர் எழும்பவில்லை, கேட்கவுமில்லை. "பசிக்கலியா" என்று கேட்டபோது, "பசிக்குது" என்றார்.

"மிஸ், வீட்டுக்க இருக்கிறது அவர்ட உடம்புதான். என்ட மனிசன் ஆஸ்பத்திரியிலயே செத்துட்டார் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவே அந்தப் பெண் அதிகநேரம் அழுதார்.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம், தானாக எதையும் தொடங்காத இந்த நிலை ஏதோவொரு அளவில் காணப்படுகிறது. ஒரு செயலைச் செய்யத் தெரிவதும், அதைத் தொடங்குவதும் மூளைக்கு ஒரே வேலையல்ல. மூளையின் முன்பகுதியோ, அதையும் ஆழத்தில் உள்ள பகுதிகளையும் இணைக்கும் பாதையோ பாதிக்கப்பட்டால், கையும் காலும் அறிவும் இருந்தாலும் தொடக்கிவைக்கும் விசை கிடைக்காது. ஆகவே அவர் பிடிவாதம் பிடிக்கவுமில்லை, மனைவியில் வெறுப்புக் கொள்ளவுமில்லை. பசி இருந்தது, பசி அவரை எழுப்பிவிடவில்லை.

இதை மனச்சோர்வு என்று எண்ணிவிடுவதும் வழக்கம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர் வருந்துகிறார், தன்னைக் குறைசொல்கிறார், உறக்கமும் பசியும் குலைகின்றன, சாவைப் பற்றிப் பேசுகிறார். தொடக்க விசை குன்றியவர் பெரும்பாலும் வருந்துவதில்லை, அவருடைய நிலைக்காக வருந்துபவர்கள் சுற்றியிருப்பவர்கள்தான். யாராவது கூட நின்று தொடக்கிவிட்டால் மறுப்பில்லாமல் செய்தும் முடிக்கிறார். எது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் மனச்சோர்வுக்கான மாத்திரை மனச்சோர்வுக்கு உதவும் அளவுக்கு இந்த நிலைக்கு உதவுவதில்லை. ஏழு மாதமாக ஒரேமாதிரி இருந்தவர் ஒரு நாளில் திடீரென்று இன்னும் மந்தமானாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது வேறு விடயம். அப்போது 1990 அம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.

நாங்கள் முதலில் மாற்றியது கேள்விகளை. "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேணாம்" என்றே பதில் வரும், ஏனென்றால் அந்தக் கேள்வி அவரிடம் இல்லாத விசையைத்தான் அவரிடம் கேட்கிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், துவாயைக் கையில் கொடுத்து, "எழும்புங்க, கிணத்தடிக்குப் போவம்" என்று சொல்லச் சொன்னேன். எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதை மனைவி கலண்டரில் குறித்து வந்தார். முதல் வாரம் ஐந்து, ஆறு தடவை. இரண்டாம் மாதத்தில் ஒன்று, இரண்டு. கோழிக்குத் தீன் போடும் வேலைக்குக் கைபேசி மணியை வைத்தோம். மணி அடித்தால் அவர் எழுந்து போனார். மணி வைக்க மறந்த நாளில் கோழிகள்தான் சத்தம் போட்டன, அவர் எழும்பவில்லை. இந்த முறையின் எல்லை அதுதான்: விசையை வெளியிலிருந்து கொடுக்கலாம், உள்ளே ஊறச் செய்வதாக நான் யாருக்கும் சொல்வதில்லை. வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிடுகிறது. பிறகு வருவது மெதுவானது.

மாத்திரை விடயத்தில் மட்டும் நான் கடுமையாக இருந்தேன். பிரஷர் மாத்திரையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் தவறினால் அடுத்த பாரிசவாதத்துக்குக் கதவு திறக்கிறது. "போட்டாச்சா?" என்று கேட்டால் இப்படிப்பட்டவர் "ஓம்" என்பார். அது பொய்யல்ல, கேள்வியை முடித்துவைக்க வரும் சொல். ஆகவே கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் வீட்டை ஓட வைத்தன. ஆனால் மனைவியின் துக்கம் அப்படியே இருந்தது, இருக்கத்தான் செய்யும். எங்கள் மாவட்டத்தில் உளவளத்துணையாளர்களுக்குக் காணாமற்போனவர்களின் குடும்பங்களைத் தெரியும்: உடம்பு இல்லை, ஆள் மனத்தில் இருக்கிறார், ஆகவே துக்கத்தை முடிக்கவும் இயலாது. இதன் மறுபக்கம், உடம்பு எதிரே இருக்க ஆள் இல்லாமற்போவது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களிலிருந்து தொடங்கி, இந்த இரண்டையும் தெளிவற்ற இழப்பு என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தார். செத்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் உண்டு. இந்த வீட்டில் அழுதால், "ஆள் உயிரோட இருக்கக்குள்ள என்ன கதை இது" என்று அதட்டுகிறார்கள். கணவர் இருப்பதோ மனைவிக்குச் சீதனமாக வந்த வளவு என்பதால், வேறு ஊரில் இருக்கும் அவருடைய உடன்பிறப்புகள், "அவள் சரியாப் பார்க்கிறாளில்ல, அதான் மனிசன் இப்பிடி" என்றும் பேசினார்கள். பெண்பிள்ளைகளுக்கு வளவு கொடுக்கும் அதே முறையால்தான் அடுத்த வீட்டில் மனைவியின் தங்கை இருந்தார். சனிக்கிழமை பின்னேரங்களில் அத்தானைத் தான் பார்த்துக்கொள்வதாக அந்தத் தங்கை ஒப்புக்கொண்டதை, என் அறையில் நடந்த எதையும்விடப் பெரிய உதவியாகக் கருதுகிறேன்.

என் அறையில் நடந்தது, கணவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேச அவருக்கு இடம் கொடுத்ததுதான். "முந்தி பகிடி விடுவார்", "அப்ப தேத்தண்ணி போட்டுத் தருவார்" என்று அவர் சொல்லும்போது, இனியும் அப்படி வரும் என்று நான் ஆறுதல் சொல்வதில்லை. போனவை எவை, இருப்பவை எவை என்று பல வாரங்களாகப் பிரித்துப் பார்த்தோம். போனவற்றின் பட்டியல் நீண்டது. இருப்பவற்றில் முதலில் ஒன்றுமே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் வந்து, மீன் குழம்பு வைத்தால் தலைத்துண்டைக் கணவர் இன்னும் இவருடைய கோப்பைக்கே தள்ளிவிடுகிறார் என்றார். முப்பது வருடமாக அப்படித்தானாம்.

"அது என்னில இருக்கிற அன்பா மிஸ், இல்லாட்டிச் சும்மா பழக்கமா?"

பழகிப்போன செயலுக்குத் தொடக்க விசை அதிகம் தேவையில்லை, கண்முன் இருக்கும் கோப்பையே அதைத் தொடக்கிவிடும் என்று எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்தப் பழக்கம் எதனால் உண்டானது என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தங்கை காத்திருப்பாள் என்று எழுந்து போனார்.