ஆம்பியன்ஸ்: சூழொலி

படத்தொகுப்பில் 'ஆம்பியன்ஸ்' என்று வழங்குவது, ஒரு காட்சியில் பேச்சுக்கு அடியில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இடத்தின் ஒலியாகும். 'சுற்றிச் செல்' என்று பொருள்படும் 'ஆம்பிரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழின் 'சூழ்' என்னும் வினையும் அதே பொருளைத் தருவதால் 'சூழொலி' என்பது மிகப் பொருத்தமான சொல். 'பின்னணி ஒலி' என்றால் பின்னணி இசையோடு குழம்ப இடமுண்டு. 'சவுண்ட் எஃபெக்ட்' என்னும் ஒலி விளைவு இதனின்று வேறானது. கதவு சாத்தும் ஓசையைப் போல, அது ஒரு நிகழ்வோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடும்.

சூழொலியின் ஒரு வகையே 'ரூம் டோன்', அதாவது யாரும் பேசாதபோது ஓரிடம் தரும் ஒலி. திறந்த வெளியிலும் இதைப் பதிவுசெய்வதால், 'அறையொலி' என்பதைவிட 'இடவொலி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மின்விசிறி ஓடும் அறையில் எடுத்த ஒரு நேர்காணலைக் கொள்வோம். இரண்டு பதில்களுக்கு நடுவே ஒரு நொடி இடைவெளி வேண்டுமென்று கிளிப்புகளைத் தள்ளி வைத்தால், அந்த ஒரு நொடியில் விசிறியின் இரைச்சலும் அறுந்துபோய், ஒலி பழுதாகிவிட்டதோ என்று கேட்பவருக்குத் தோன்றும். பேசுபவர் எழுந்து செல்லுமுன், அதே மைக்கை அதே இடத்தில் வைத்து, ஒலியளவையும் விசிறியின் வேகத்தையும் மாற்றாமல், அனைவரும் அசையாதிருக்க 30 முதல் 60 நொடி வரை இடவொலியைப் பதிவுசெய்துகொள்வது இதற்காகத்தான். அதிலிருந்து வெட்டிய துண்டை இடைவெளியில் பொருத்தி, இரு முனைகளிலும் நான்கைந்து ஃபிரேம் அளவுக்கு, ஓர் ஒலி மெல்லத் தேய மற்றொன்று மெல்ல எழும் கிராஸ்ஃபேட் கொடுத்தால் ஒட்டு தெரியாது.

இரண்டாம் பதிலை எடுத்தபோது விசிறி வேகமாக ஓடியிருந்தால், இடைவெளியை நிரப்புவது மட்டும் போதாது. வெட்டு விழும் இடத்தில் இரைச்சல் சட்டென்று ஏறும். அப்போது இரைச்சல் மிகுந்த பகுதியின் இடவொலியை அமைதியான பகுதியின் அடியிலும் மெல்ல ஏற்றிவர வேண்டும். இரைச்சலை முழுவதும் நீக்க முயன்றால் குரலும் சிதைந்துவிடும்.

பதிவுசெய்த துண்டு குறுகியதாக இருந்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்ட நேர்ந்தால், அதனுள் இருமலோ ஹாரனோ இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே இருமல் மூன்றாம் முறை கேட்கும்போது யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒலி விளைவை இடைவெளி நிரப்பியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. நாற்காலி நகரும் ஓசை அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் தருமானால் நல்லதே. ஆனால் அதன் அடியிலும் சூழொலி ஓடாவிட்டால், அவ்வோசை வெற்றிடத்தில் மிதப்பதாகவே கேட்கும்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்தக் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடுவதால், ஹெட்போன் அணிந்து, திரையைப் பாராமல் ஒவ்வொரு வெட்டையும் கேட்டுச் சரிபார்ப்பதே முறை.