2016-இல் செய்த சாவி, 2023-இல் திறந்த கதவு

2023 ஜூன் நடுவில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்புக் குழு, தன் மின்னஞ்சல் பதிவுகளில் யாரோ வெளியாள் அஞ்சல்களைத் திறந்து படித்திருப்பதைக் கண்டது. அந்தத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயிருந்தன. யாருடைய கடவுச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கையொப்பச் சாவி ஒன்று திருடர்கள் கையில் இருந்தது.

நாம் ஒரு முறை உள்நுழைந்ததும், உள்நுழைவு சர்வர் 'இவர் இன்னார்' என்று ஒரு சிறு டோக்கனை எழுதி, ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுத் தருகிறது. மின்னஞ்சல் சர்வர் நம்மை நேரில் அறியாது. அந்த ரகசியச் சாவிக்கு இணையாக உருவாகி, ஒளிக்காமல் வெளியிடப்படும் பொதுச் சாவியை வைத்து அந்தக் கையொப்பம் சரியா என்று மட்டும் பார்க்கும். அதனால் ரகசியச் சாவியின் நகல் கிடைத்தவர், யார் பெயரிலும் டோக்கன் எழுதிக்கொள்ளலாம்.

திருடுபோன சாவி 2016-இல் உருவானது. தனிநபர் கணக்குகளுக்கானது. நிறுவனக் கணக்குகளின் மின்னஞ்சல் அதை ஏற்றதே தனிப் பிழை. 2021 மார்ச்சில் அது ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த வகைச் சாவிகளை மைக்ரோசாஃப்ட் கையால்தான் மாற்றிவந்தது. 2021-இல் அப்படி ஒரு மாற்றத்தின்போது சேவை பெரிதாக முடங்கவே, மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். சாவிக்கு வயதாகிவிட்டது என்று எச்சரிக்கும் ஏற்பாடும் இல்லை. இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். சாவி மாற்றம் பயமூட்டும் வேலையாகிவிட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

ஏன் பயம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். டோக்கனின் ஆயுள் 1 மணி நேரம், சரிபார்க்கும் சர்வர்கள் பொதுச் சாவிப் பட்டியலை 24 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும் என்று கொள்வோம். புதிய சாவியை உருவாக்கிய கையோடு அதில் கையொப்பமிடத் தொடங்கினால், பழைய பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் 'இது யார் சாவி?' என்று எல்லாரையும் வெளியே நிறுத்திவிடும். எனவே முதலில் புதிய பொதுச் சாவியைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிறகே புதிய சாவியில் கையொப்பமிட வேண்டும். பழையதில் எழுதிய கடைசி டோக்கன் காலாவதியாக இன்னும் ஒரு மணி நேரம். அதன் பிறகு பழையதைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். எந்த டோக்கன் எந்தச் சாவியில் எழுதப்பட்டது என்பதை அதற்குள் இருக்கும் `kid` என்ற சாவி அடையாளம் சொல்லிவிடும். இத்தனையையும் நிரலே சில வாரங்களுக்கு ஒரு முறை செய்துவந்தால் அது அன்றாட வேலை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மனிதர் செய்தால், செய்முறை தெரிந்தவரே அதற்குள் வேலை மாறிப் போயிருப்பார்.

பழைய சாவியை நீக்குவதுதான் பலர் விட்டுவிடும் படி. புதியது வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுப் பழையதைப் பட்டியலிலேயே விட்டுவைத்தால், திருடியவனுக்கு எந்த இழப்பும் இல்லை.

அந்தச் சாவி எப்படி வெளியே போனது என்பதை மைக்ரோசாஃப்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2024-இல் அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு எழுதியது. நகலெடுக்கக்கூடிய சாவியின் தொல்லை இதுதான்: நகல் போனால் தடம் இருக்காது. அதற்கு விடைதான் எச்எஸ்எம் எனப்படும் வன்பொருள் பெட்டகம். சாவி அதற்குள்ளேயே பிறக்கிறது, ரகசியப் பகுதி திறந்த வடிவில் வெளியே வராது. கையொப்பம் வேண்டியதை உள்ளே அனுப்பினால், கையொப்பம் மட்டும் திரும்பிவரும். உயர்தரப் பெட்டகங்கள், உடைத்துத் திறக்க முயன்றால் உள்ளிருப்பதை அழித்துவிடும். பின்னர் மைக்ரோசாஃப்ட் தன் கையொப்பச் சாவிகளை இப்படிப்பட்ட பெட்டகங்களுக்குள் உருவாக்கித் தானாக மாறும்படி செய்தது.

ஆனாலும் பெட்டகத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. அனுமதி உள்ள கணக்கிலிருந்து வந்தால் பொய் டோக்கனுக்கும் கையொப்பமிடும். அதனால்தான் வேலையைப் பிரிக்கிறார்கள். பெட்டகத்தை நிர்வகிப்பவருக்குச் சாவியைப் பயன்படுத்தும் உரிமை கிடையாது. பயன்படுத்தும் நிரலால் சாவியை அழிக்கவோ விதிகளை மாற்றவோ முடியாது. காப்பு நகலை மறையாக்கி, அதைத் திறக்கும் அதிகாரத்தை ஐந்து ஸ்மார்ட் கார்டுகளில் பிரித்து, மூன்று சேர்ந்தால்தான் திறக்கும்படி வைப்பது வழக்கம். ஐந்தும் வேண்டும் என்றால் ஒருவர் படுத்த படுக்கையானாலே மீட்பு நின்றுவிடும். ஒன்றே போதும் என்றால் பிரித்ததில் பயனில்லை. ஐந்து கார்டுகளும் ஒரே அலமாரியில் கிடந்தாலும் அதே கதைதான்.

பதிவுகளைப் பார்ப்பவர் மூன்றாவது ஆள். அவருடைய முக்கியமான வேலை ஒரு ஒப்பீடு. பெட்டகம் இன்று எத்தனை கையொப்பம் இட்டது, உள்நுழைவு சர்வர் எத்தனை டோக்கன் வழங்கியது? பெட்டகத்தின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், யாரோ உள்ளே பொய்யாகக் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். சர்வர் வழங்கியதாகப் பதிவே இல்லாத டோக்கன் மின்னஞ்சல் வாசலில் வந்து நின்றால், அதுவும் போலிதான். பெட்டகத்தின் கணக்கிலும் அது இல்லையென்றால், சாவியின் நகல் வெளியே போய்விட்டது.