வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி கேட்கிறீர்களா? இரண்டு வரிக் கடிதம் போதாது

"மாணவர் ஒருவர் நீண்ட விடுப்பில் இருப்பதால், அவர் நலன் கருதி வகுப்புகளைக் கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி வேண்டுகிறேன்." பள்ளி முதல்வர் மேசைக்குப் போகும் கடிதம் பெரும்பாலும் இவ்வளவுதான். அவரும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பலகையில் கணக்குப் போடத் தெரியாமல் நின்ற பிள்ளையின் முகம் பக்கத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் அந்தக் கடிதத்தைத் தேடுகிறார்கள். பதிவு யாரிடம் இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழியும் என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. "யூடியூபில் Unlisted என்று போட்டிருக்கிறேன், வெளியாள் யாரும் பார்க்க முடியாது" என்கிறார்கள். பார்க்க முடியும். Unlisted என்றால் தேடினால் அந்தக் காணொளி கிடைக்காது, அவ்வளவுதான். இணைப்பு கையில் கிடைத்த எவரும், கூகுள் கணக்கே இல்லாதவரும்கூட, அதைத் திறக்கலாம். விடுப்பில் இருக்கும் பிள்ளை அதை நண்பனுக்கு அனுப்பினால், நண்பன் குழுவில் போட்டால், அங்கிருந்து அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கூகுள் டிரைவில் Anyone with the link என்று வைப்பதும் இதே கதைதான். இணைப்பை மறைத்து வைப்பது கதவைப் பூட்டாமல் வீட்டு முகவரியை மட்டும் மறைப்பதற்குச் சமம். பூட்டு வேண்டுமென்றால் டிரைவில் Restricted என்று வைத்து, பார்க்க வேண்டியவரின் மின்னஞ்சலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்போது இணைப்பு கைமாறினாலும் மற்றவருக்குத் திறக்காது.

வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்புவது இதைவிட மோசம். பெறுபவர் கைப்பேசியில் அது தானாகவே கேலரிக்குள் போய் உட்கார்ந்துவிடக்கூடும். பிறகு நீங்கள் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்தாலும், சேமித்து வைத்த பிரதி அப்படியே இருக்கக்கூடும்.

ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் பதிவு செய்வதையும் தயவுசெய்து விடுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், பிள்ளைகளின் காணொளி உங்கள் குடும்பப் படங்களோடு சேர்ந்து உங்கள் தனிக் கணக்குக்குப் போய்விடும். நீங்கள் வேறு பள்ளிக்கு மாறினால் அதுவும் உங்களோடு வரும். பள்ளிக்குச் சொந்தமான டேப்லெட், பள்ளிக் கணக்கு, இரண்டும் இல்லாமல் அனுமதி கேட்கவே வேண்டாம்.

'சேர்க்கையின்போதே பெற்றோர் பொது ஒப்புதல் தந்துவிட்டார்களே' என்பது அடுத்த சமாதானம். ஆண்டுவிழாப் படத்துக்குக் கொடுத்த ஒப்புதல் வகுப்பறைப் பதிவுக்குச் செல்லாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கடைசி நாள் வரட்டும் என்று காத்திருப்பதற்கான விஷயம் அல்ல இது. ஒப்புதல் படிவம் தமிழில் ஒரே பக்கமாக இருக்கட்டும். 'சம்மதம்', 'சம்மதமில்லை' என இரண்டு கட்டமும் வேண்டும். படிவம் திரும்பி வராவிட்டால் அது சம்மதமில்லை என்றே பொருள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவில் 38 பேர். ஒருவர் ஆறு வாரம் வரமாட்டார். கணித ஆசிரியர் இப்படி எழுதலாம்:

பொருள்: பத்தாம் வகுப்பு 'அ' பிரிவின் கணித விளக்கங்களைப் பதிவு செய்ய அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

என் வகுப்பு மாணவர் ஒருவர் ஜூலை 7 முதல் ஆகஸ்ட் 14 வரை மருத்துவ விடுப்பில் உள்ளார். இக்காலத்தில் நடத்தும் முக்கோணவியல் பாடத்தின் விளக்கப் பகுதியை மட்டும், நாளொன்றுக்கு 15 நிமிடத்துக்கு மிகாமல் பதிவு செய்து, அவருக்கு மட்டும் வழங்க அனுமதி வேண்டுகிறேன்.

பள்ளி டேப்லெட்டை முதல் பெஞ்சுக்கு முன்னால் முக்காலியில் பொருத்தி, பலகையும் நானும் மட்டும் தெரியுமாறு பதிவு செய்வேன். வருகைப்பதிவு முடிந்த பிறகே தொடங்குவேன். மாணவர் கேள்வி கேட்கும்போதும் பலகைக்கு வரும்போதும் பதிவை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்வியைப் பெயர் குறிப்பிடாமல் நானே மறுபடி சொல்வேன்.

பதிவை அன்று மாலையே பள்ளிக் கணக்கின் டிரைவுக்கு மாற்றி, டேப்லெட்டிலிருந்து நீக்குவேன். அதைத் திறக்கக்கூடியவர்கள் நான், கணினி ஆசிரியர், அம்மாணவரின் பெற்றோர் ஆகிய மூவர் மட்டுமே. பிறருக்கு அனுப்புவதில்லை என்று பெற்றோர் எழுதித் தந்த உறுதிமொழியையும், வகுப்பின் மற்ற பெற்றோரிடம் பெற்ற படிவங்களையும் இணைத்துள்ளேன்.

இப்பதிவுகள் விளம்பரத்துக்கோ, ஆசிரியர் மதிப்பீட்டுக்கோ, வேறு வகுப்புக்கோ பயன்படுத்தப்படமாட்டா. ஆகஸ்ட் 31 அன்று அனைத்தையும் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிப்பேன்.

இந்தக் கடிதத்தில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடிதம் அலுவலகம், எழுத்தர், கோப்பு என்று பல கை மாறும். டைபாய்டோ, மனநலச் சிகிச்சையோ, அதை அங்கே எழுதுவதே முதல் மீறல். கோப்புப் பெயரிலும் பிள்ளையின் பெயர் வேண்டாம்; `10A_Maths_Unit6_0707.mp4` போதும்.

15 நிமிடம் என்று வரையறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பல கருவிகளில் 45 நிமிடப் பாடவேளையை 720p தரத்தில் எடுத்தாலே ஒரு கோப்பு 1 ஜிபியைத் தாண்டிவிடும். இலவச கூகுள் கணக்கில் மின்னஞ்சலும் சேர்த்து மொத்தம் 15 ஜிபிதான். மூன்றாவது வாரத்தில் இடம் தீரும், 'இப்போதைக்கு' என்று பென்டிரைவில் போடுவார்கள், அந்தப் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். இணையம் மெதுவாக இருக்கும் ஊர்களில் காணொளியே வேண்டாம். 64 கேபிபிஎஸ் தரத்தில் 45 நிமிட ஒலிப்பதிவு சுமார் 22 எம்பிதான் வரும். அதோடு பலகையின் நான்கைந்து படங்களைச் சேர்த்தால் கணக்குப் பாடம் நன்றாகவே புரியும்.

தினமும் பதிவைத் தொடங்கும் முன் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். 'பேசியவர்கள்' என்று வகுப்புத் தலைவன் எழுதிவைத்த பெயர்கள் அங்கே இருக்கும். பலகைக்குப் பக்கத்துச் சுவரில் மதிப்பெண் பட்டியலும் தொங்கலாம். முகம் தெரியாமல் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பலரும் கோட்டைவிடும் இடம் இது.

முதல்வர்களுக்கும் ஒன்று. அழிக்கும் தேதி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தேதியை அலுவலக நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று ஆசிரியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, டிரைவில் நீக்கிய கையோடு Trash-ஐயும் காலி செய்யச் சொல்லுங்கள். காலி செய்யாவிட்டால் கோப்புகள் இன்னும் 30 நாள் அங்கேயேதான் கிடக்கும்.