கிரெமா: ஏடா, நுரையா?

எஸ்பிரெஸோ காபிக் கோப்பையின் மேலே செம்பழுப்பு நிறத்தில் மெத்தென்று படிந்திருக்குமே, அதற்குப் பெயர் கிரெமா. இத்தாலிய மொழியில் இந்தச் சொல்லுக்குப் பாலேடு என்று பொருள். ஆனால் அந்தப் படலத்தில் ஒரு சொட்டுப் பால்கூடக் கிடையாது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

1901இல் இத்தாலியரான லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை கேட்ட எஸ்பிரெஸோ எந்திரமும், அதை ஒட்டி வந்தவையும் நீராவியின் தள்ளலை நம்பியே இயங்கின. அந்த அழுத்தம், 'பார்' என்ற அலகில் சொன்னால், சுமார் ஒன்றரை, இரண்டுதான். அதில் வந்த காபியின் மேல் சொல்லும்படியாக எதுவும் மிதக்கவில்லை. மிலான் நகரத்து அக்கீலே காஜ்ஜியா நீராவியை விட்டுவிட்டு வேறு வழி தேடினார். 1938இல் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர் முடிந்தபின், கைப்பிடியை இழுத்துவிட்டால் சுருள்வில் உந்துதண்டைத் தள்ளும் எந்திரம் அவரிடமிருந்து வந்தது. அழுத்தம் எட்டு, ஒன்பது பார் அளவுக்கு ஏறியது, கோப்பையில் புதிதாக ஒரு படலம் தோன்றியது. இது என்ன அழுக்கு நுரை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததாகவும், அது காபியிலிருந்தே இயல்பாக வரும் 'கிரெமா' என்று அவர் பெயர் சூட்டி விற்றதாகவும் சொல்வார்கள். ஆக, வியாபாரத்துக்காக ஒட்டிய பெயர்தான் இது.

உண்மையில் அது நுரை. கொட்டையை வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீர் பொடிக்குள் புகும்போது அந்த வாயு நீரில் கரைகிறது. வெளியே வந்து அழுத்தம் சட்டென்று இறங்கியதும், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் சின்னச் சின்னக் குமிழ்களாகப் பிரிகிறது. வறுக்கும்போது உருவான பழுப்பு நிறப் பொருள்களும் புரதமும் குமிழைச் சுற்றித் தோல்போலப் படிந்து, உடையாமல் சிறிது நேரம் தாங்குகின்றன. நம் டபராவில் ஆற்றும்போது எழும் நுரை வேறு. அது காற்றைப் பாலின் புரதம் பிடித்துவைப்பது. ஃபில்டரில் டிகாக்ஷன் தன் எடையிலேயே சொட்டுகிறது, அழுத்தமே இல்லை, அதனால் அங்கே கிரெமாவும் இல்லை.

சரி, தடித்த கிரெமா என்றால் நல்ல எஸ்பிரெஸோவா? இல்லை. தடிமன் முதலில் சொல்வது, கொட்டையில் எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான். வறுத்து மூன்று நாளே ஆன கொட்டையையும், அதே கொட்டை பதினைந்து நாள் ஆனபின்னும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 18 கிராம் பொடி, கோப்பையில் ஒரே கோடு வரை காபி. மூன்று நாள் கொட்டையில் நுரை பொங்கி நிற்கும், கண்ணுக்கு அதுவே அழகு. தராசில் வைத்தால்தான் விஷயம் தெரியும்: கோட்டைத் தொட்டது பாதி நுரை, உள்ளே காபி குறைவு. அதனால்தான் மில்லிலிட்டரை விட்டுவிட்டு, 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி என்று எடையில் அளக்கிறார்கள். வாயு மிகுந்த பொடியில் நீர் சீராக ஊறாமல் ஒரு பக்கம் ஓட்டை போட்டுக்கொண்டு பாய்வதும் உண்டு. 28 வினாடியில் வரவேண்டியது 15 வினாடியில் வந்து விழும். குடித்தால் புளிக்கும், மேலே நுரை மட்டும் தாராளமாக இருக்கும்.

அடுத்தது கொட்டையின் இனம். எண்ணெய் நுரையை உடைக்கும். அராபிகாவைவிட ரோபஸ்டாவில் எண்ணெய் குறைவு, அதனால் அதன் நுரை தடிமனாக நிற்கும். இத்தாலியக் கலவைகளில் இந்திய ரோபஸ்டா இடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம். இளவறுப்பு அராபிகாவில் மெல்லிய படலமே வரும். ஆனால் கோப்பைக்குள் இருப்பது அருமையான காபியாக இருக்கலாம். இன்னொன்று, பொடி போடுவதற்கான கூடைகளில் ஒரே ஒரு ஊசித்துளை வைத்த இரட்டை அடிக் கூடைகள். வீட்டு எந்திரங்களில் நிறைய வருகின்றன. அவை பழைய பொடியையும் பீய்ச்சி அடித்து நுரையாக்கிவிடும்.

தடிமன் எதையுமே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. சாதாரணக் கூடையில் படலமே வராவிட்டாலோ, வந்த வேகத்தில் கலைந்து நடுவில் கறுப்பு தெரிந்தாலோ, பொடி பழசு அல்லது அழுத்தம் போதவில்லை. இல்லாமை ஒரு தடயம், மிகுதி அப்படி இல்லை. கிரெமாவை மட்டும் கரண்டியில் வழித்துச் சுவைத்துப் பாருங்கள். நுண்பொடி சிக்கியிருப்பதால் நாக்கில் சாம்பல் கசப்பு ஒட்டும். கலக்கிவிட்டுக் குடித்தால் முதல் மிடறில் அந்தக் கசப்பு முந்தாது.

தமிழில் என்ன சொல்லலாம்? பாலாடை என்றால் பொருளே தவறு. வெறும் நுரை என்றால் டபரா நுரையோடு குழம்பும். தயிரேடுபோல் மேலே படர்ந்து நிற்பதால் 'நுரையேடு' என்று எழுதுகிறேன். 'நுரை' அதன் உண்மையைச் சொல்கிறது, 'ஏடு' காஜ்ஜியா பார்த்த உவமையைக் காப்பாற்றுகிறது. கடையில் கேட்கும்போது கிரெமா என்றே கேளுங்கள், அங்கே அதுதான் புரியும்.